பெட்டியில் அங்குலம் இருக்கிறது. பிக்சல் அடர்த்தி எங்கே?

சென்ற இதழின் 14ஆம் பக்கத்தில் ‘பணி ஆணை’ என்ற தலைப்பின் கீழ், கட்டுரைக்குள் மூன்று இடங்களில் ‘பனி ஆணை’ என்று அச்சாகியிருந்தது. வாசகர்கள் கடிதம் எழுதிக் கண்டித்தார்கள். கண்டனம் நியாயமானது. முதலில் நாங்கள் செய்தது நியாயமானதல்ல: இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் மெய்ப்புகளைத் திருத்திவரும் அக்காவை அழைத்து விளக்கம் கேட்டோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பக்கத்தைத் தம் மேசைத் திரையில் திறந்து, “நீங்களே பாருங்க, இது மூணு சுழியா, ரெண்டு சுழியா?” என்று கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த எங்களில் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரிடம் இந்தப் பத்தியின் வழியாகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்தத் திரை மூன்று மாதங்களுக்கு முன் வாங்கியது. பழைய 24 அங்குல மானிட்டர்களை எடுத்துவிட்டு, 27 அங்குலத்தில் நான்கு வாங்கினோம். இதழின் ஒரு பக்கத்தை உருட்டாமல் முழுதாகத் திரையில் வைத்துப் படிக்க வேண்டும். வாங்கியதன் நோக்கம் அவ்வளவுதான். அதைக் கடைக்காரரிடமும் சொன்னோம். பெட்டியில் பெரிய எழுத்தில் 27 என்று இருந்தது, ஃபுல் எச்.டி. என்று இருந்தது, நொடிக்கு எத்தனை முறை படம் மாறும் என்பதும் மின்னும் எழுத்தில் இருந்தது. எங்கள் வேலைக்குத் தேவையான ஒரே ஓர் எண் மட்டும் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனை பிக்சல் இருக்கின்றன என்ற எண் அது.

பெட்டிக்காரர்கள் மறைத்துவிட்ட அந்தக் கணக்கை இங்கே போட்டுக்காட்டுகிறோம். ஃபுல் எச்.டி. என்பது குறுக்கே 1920 பிக்சல், உயரத்தில் 1080 பிக்சல். திரை எத்தனை அங்குலமாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. 24 அங்குலம் என்று விற்கப்படும் மானிட்டர்கள் பெரும்பாலும் உண்மையில் 23.8 அங்குலம், அதன் அகலம் சுமார் 52.7 செ.மீ. அதை 1920ஆல் வகுத்தால் ஒரு பிக்சலின் அகலம் 0.274 மி.மீ. வருகிறது. 27 அங்குலத் திரையின் அகலம் 59.8 செ.மீ. அதே 1920ஆல் வகுத்தால் 0.311 மி.மீ. அடர்த்தியில் சொன்னால், பழைய திரையில் அங்குலத்துக்கு 92 பிக்சலுக்குச் சற்று மேல். புதிய திரையில் 82க்கும் குறைவு. பரப்பு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் கூடியது. பிக்சல் ஒன்றுகூடக் கூடவில்லை. ஒரு படி மாவை இன்னும் அகலமான கல்லில் தேய்த்துப் பெரிய தோசை என்று பரிமாறியிருக்கிறார்கள்.

இனி, முழுப் பக்கத்தைத் திரையில் வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. திரையின் 1080 பிக்சலில் மேலே உள்ள பட்டிகளும் கீழே உள்ள பட்டியும் சுமார் 130ஐ எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 950. அதாவது தாளின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மூன்று பிக்சலுக்குச் சற்று அதிகம். எங்கள் கட்டுரைகள் 10 புள்ளி எழுத்தில் வருகின்றன. அது மூன்றரை மி.மீ. ஆகவே ஒரு வரியின் எழுத்து உயரத்துக்குக் கிடைப்பது 11 பிக்சல். அந்த 11இல் மேல்விலங்குக்கும் கீழே இறங்கும் கால்களுக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடலுக்கு ஆறோ ஏழோ மிஞ்சும். அந்த ஆறேழு பிக்சல் உயரத்துக்குள் மூன்று சுழி ‘ண’வின் சுழிகளும், அவற்றுக்கு இடையிலுள்ள வெள்ளையும் அடங்க வேண்டும். அடங்காது. சுழிக்குள் இருக்கும் வெள்ளை சாம்பலாகிறது, சாம்பல் கோட்டோடு ஒட்டுகிறது, மூன்றாவது சுழி இருக்கிறதா என்பது ஊகமாகிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி ஒற்றைச் சாம்பல் பிக்சலாகச் சுருங்கி, ‘க்’ எது ‘க’ எது என்பதும் இப்படியே மங்குகிறது. லத்தீன் எழுத்துகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்றாலும், ஓர் எழுத்துக்குள் இத்தனை சுழிகளையும் வளைவுகளையும் அடுக்கி வைத்திருக்கும் நம் எழுத்துக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

இதில் நெஞ்சை உறுத்துவது எழுத்தின் அளவு. 11 பிக்சலை 0.311ஆல் பெருக்கினால் சுமார் மூன்றரை மி.மீ. அச்சில் வரும் அதே அளவு! பழைய 24 அங்குலத் திரையில் முழுப் பக்கம் வைத்தால் எழுத்து தாளில் இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். அதனால் அக்கா பக்கத்தைப் பெரிதாக்கி, பாதி பாதியாக உருட்டித்தான் படிப்பார். புதிய திரையில் எழுத்து தாளில் உள்ள அளவிலேயே தெரிந்ததால், இனி உருட்ட வேண்டாம், முழுப் பக்கமாகவே படியுங்கள் என்று நாங்கள்தான் சொன்னோம். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதே 11 பிக்சலால் ஆனதாகவே இருந்தது. அச்சகத்தில் அந்த 10 புள்ளி எழுத்தைத் தட்டில் பதிக்கும் கருவி அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் வைக்கிறது என்றால், அதே உயரத்துக்கு 333 புள்ளிகள் கிடைக்கும். தாளில் 333 புள்ளிகளால் எழுதப்படும் எழுத்தைத் திரையில் 11 பிக்சலால் எழுதிக் காட்டிவிட்டு, இதில் பிழை பார் என்று ஒரு மனுஷியை உட்கார வைத்திருந்தோம்.

இதை நாங்கள் கடையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கண்டுபிடிக்க முடியாதபடிதான் கடை அமைந்திருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கண் மருத்துவமனையில் 6/6 என்று எழுதிக்கொடுக்கும் பார்வைக்கு ஒரு பொருள் உண்டு. 1862இல் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த எழுத்து அட்டையின் கணக்கு அது: ஒரு பாகையை அறுபதாக வகுத்தால் வரும் ஒரு கலை அளவு கோணத்தை அந்தக் கண் பிரித்தறியும். ஒரு பிக்சல் கண்ணில் அதைவிடச் சிறிய கோணத்தை உண்டாக்கினால், பிக்சல் தனியாகத் தெரியாது. பெரிய கோணத்தை உண்டாக்கினால் சொரசொரப்பு தெரியத் தொடங்கும். கணக்கு எளிது. பிக்சலின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3438ஆல் பெருக்குங்கள். வரும் விடை எத்தனை மில்லிமீட்டரோ, அந்தத் தூரத்துக்கு அப்பால் போனால் பிக்சல் கண்ணுக்கு மறையும். எங்கள் 27 அங்குல ஃபுல் எச்.டி. திரைக்கு 0.311 பெருக்கல் 3438. அதாவது ஏறக்குறைய 107 செ.மீ. மூன்றரை அடி.

ஷோரூமில் மானிட்டர்கள் சுவரோரம் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. முன்னால் ஒரு மேசை, அல்லது ஒரு தடுப்பு. வாடிக்கையாளர் நான்கடி, நாலரையடி தள்ளி நின்று பார்க்கிறார். அதாவது பிக்சல் மறையும் தூரத்துக்கு அப்பால். அங்கிருந்து பார்த்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல் உள்ள திரைக்கும் 163 பிக்சல் உள்ள 4கே திரைக்கும் கூர்மையில் வேறுபாடு கண்ணில் படுவதே அரிது. மேலும் திரையில் ஓடுவது என்ன? கடலுக்கடியில் மீன்கள், மலைமேல் பனி, பூவில் தேனீ. ஓடும் படத்தில் பிக்சலின் விளிம்பை யாரும் தேட முடியாது. ஆக, கண்ணில் படுவது பரப்பு ஒன்றே. பெரியது ஜெயிக்கிறது.

வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுவந்தால் தூரம் பாதியாகிவிடுகிறது. சாதாரண அலுவலக மேசையின் ஆழம் இரண்டடி. மானிட்டரின் கால் பின்பக்கம் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ள, திரைக்கும் கண்ணுக்கும் இடையே 60 செ.மீ. அளவுதான் கிடைக்கும். அந்தத் தூரத்தில் எங்கள் திரையின் ஒவ்வொரு பிக்சலும் கிட்டத்தட்ட 1.8 கலை கோணம் காட்டுகிறது. கண் பிரித்தறியும் எல்லையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடையில் மென்மையாக இருந்த எழுத்து மேசையில் பல்லைக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். திரை வழியில் கெட்டுப்போகவில்லை. தூரம் மாறிவிட்டது. இதை விற்பவர் அறிவார். அறியாவிட்டால் விற்கும் தகுதி அவருக்கு இல்லை.

பிழை அச்சான மறுநாள் கடைக்குப் போனோம். விற்பனைப் பிரிவில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், பழசும் ஃபுல் எச்.டி., இதுவும் ஃபுல் எச்.டி. இது பெருசு சார், அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். எங்கள் குற்றச்சாட்டும் முழுக்க அதுவேதான் என்பது அவருக்குப் புரியவில்லை. பிறகு ஒரு யோசனை சொன்னார்: `Scale` அமைப்பை 125 சதவீதமாக்குங்கள், எழுத்து தெளிவாகிவிடும். தெளிவாகும் என்பது மெய். ஆனால் அப்படிச் செய்தால் திரையில் கிடைக்கும் இடம் 1536க்கு 864 என்று சுருங்கிவிடும். பட்டிகள் பெரிதாகி, பக்கத்துக்கு இன்னும் குறைந்த இடமே மிஞ்சும். முழுப் பக்கத்துக்காக வாங்கிய திரையில் அரைப் பக்கம் பார்க்கச் சொல்கிறார்.

எங்கள் வேலைக்கு எது சரியாக இருந்திருக்கும்? அதே 27 அங்குலத்தில் 2560க்கு 1440 பிக்சல் கொண்ட திரை இருக்கிறது. அடர்த்தி 109. அதில் முழுப் பக்கம் வைத்தால் 10 புள்ளி எழுத்துக்குப் பதினைந்து, பதினாறு பிக்சல் கிடைக்கும்; ‘ண’வின் சுழிகள் பிரிந்து தெரியத் தொடங்கும். 80 செ.மீ. தூரத்தில் பிக்சல் மறையும். 60இல் சற்றே தெரியும். அதே அளவில் 3840க்கு 2160 பிக்சல் கொண்ட 4கே திரையில், பட்டிகளை 150 சதவீதம் பெரிதாக்கி வைத்த பிறகும் அதே எழுத்துக்கு 23 பிக்சல் கிடைக்கிறது. சொரசொரப்பு மறையும் தூரம் 53 செ.மீ. சொச்சம், இரண்டடி மேசையில் உட்காருபவரின் கண் அதற்கு வெளியே இருக்கிறது. அதாவது பிழைதிருத்தும் மேசைக்கு அந்தத் திரை ஆடம்பரமல்ல, தேவை. கணக்கு எழுதுபவருக்கும் கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் பழைய 24 அங்குல ஃபுல் எச்.டி. இன்னும் போதும், அவர்களுக்கு 4கே விற்பதும் இன்னொரு வகை ஏமாற்றே.

4கே திரையைப் பற்றி ஒரு தீங்கான அறிவுரை கடைகளில் உலவுகிறது. அதை இங்கேயே கண்டிக்கிறோம். அத்திரையை அப்படியே போட்டால் எழுத்துகள் எறும்பளவு சிறுத்துவிடும். ஒரு பிக்சல் 0.156 மி.மீ.தானே. உடனே, `Display resolution` என்ற இடத்தில் 1920 × 1080 என்று மாற்றிவிடுங்கள், எழுத்து பெரிதாகிவிடும் என்கிறார்கள். எழுத்து பெரிதாகும், ஆனால் எண்பத்து மூன்று லட்சம் பிக்சலுக்குக் காசு கொடுத்தவருக்கு இருபத்தொரு லட்சம்தான் கையில் வரும். நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாக நடிக்கும், சொரசொரப்பு திரும்பிவிடும். 2560க்கு 1440 திரையில் இப்படிச் செய்தால் இன்னும் மோசம்: ஒரு பிக்சலை ஒன்றும் மூன்றில் ஒரு பங்குமாக நீட்டிப் பரப்ப வேண்டியிருப்பதால் எழுத்துக் கோடுகள் எல்லாம் கலங்கிப்போகும். ரெசல்யூஷனைத் திரையின் இயல்பான எண்ணிலேயே விட்டுவிட்டு, `Scale` என்பதை மட்டும் 150 சதவீதமாக்க வேண்டும். அப்போது எழுத்து படிக்கும் அளவுக்குப் பெரிதாகும், அதை எழுதும் பிக்சல்களும் கூடும். திரையைப் பொருத்த வரும் ஊழியருக்கு இந்த ஒரு வரியைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பழைய கணினியாக இருந்தால், அதிலுள்ள எச்.டி.எம்.ஐ. 1.4 வழியே 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறும், சுட்டி இழுபடும் என்பதையும் விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

நேர்மைக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறோம். ஒரு கலை என்ற எல்லை கல்லில் வெட்டியதல்ல. சாய்ந்த கோட்டின் படிக்கட்டு விளிம்பை அதைவிட நுண்ணிய அளவிலும் கண் கண்டுபிடிக்கும். எழுத்தின் ஓரங்களைச் சாம்பலிட்டு மென்மையாக்கும் முறை அதைக் கொஞ்சம் மறைக்கும். நாற்பது வயதைக் கடந்து, படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட்டவருக்கு அந்தக் கண்ணாடி பெரும்பாலும் புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, ஒன்றேகால் அடிக்கு, அமைந்திருக்கும். இரண்டடியில் உள்ள திரை அவருக்கு எப்படியும் கலங்கும். அவருக்குத் திரையை மாற்றுவதால் பயனில்லை, மேசைத் தூரத்துக்கான கண்ணாடிதான் வேண்டும். 27 அங்குல ஃபுல் எச்.டி. யாருக்கும் உதவாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. பார்வை குன்றியவருக்குப் பெரிய எழுத்தே முக்கியம். மூன்றரை அடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு அடர்த்தி பொருட்டில்லை. அவரவர் வேலைக்கும் தூரத்துக்கும் பொருத்தம் பார்த்து வாங்கட்டும். பொருத்தம் பார்ப்பதற்கு வேண்டிய எண்ணை மறைப்பதைத்தான் கண்டிக்கிறோம்.

மறைப்பு என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறோம். பெட்டியில் திரையின் மூலைவிட்ட அளவு 68.58 செ.மீ. என்று இரண்டு தசமத் துல்லியத்தோடு அச்சாகியிருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் அளவைச் சொல்லச் சொல்கின்றன, சொல்கிறார்கள். மூலைவிட்டத்தைத் தசமம் வரை அளக்கத் தெரிந்தவர்களுக்கு, அதற்குள் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று வகுக்கத் தெரியாதா? எழுத விருப்பமில்லை. எழுதினால் 24 அங்குலப் பெட்டியில் 92 என்றும், பக்கத்தில் விலை கூடிய 27 அங்குலப் பெட்டியில் 82 என்றும், அதற்கும் மேல் 32 அங்குல ஃபுல் எச்.டி. பெட்டியில் 69 என்றும் இருக்கும். விலை ஏற ஏற எண் இறங்குவதை எந்த வாடிக்கையாளரும் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கூடவே, 2560க்கு 1440 திரையை ‘2கே’ என்று எழுதிக் குழப்புகிறார்கள். திரைப்படத் துறையில் 2கே என்பது 2048க்கு 1080. சில கருவிகளில் ‘4கே ஆதரவு’ என்று போடுகிறார்கள். உள்ளே வரும் 4கே படத்தை அது வாங்கிக்கொள்ளும், காட்டுவது ஃபுல் எச்.டி.யில். இந்தச் சொல் விளையாட்டுகளைப் பெட்டியிலிருந்து அழிக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் மொத்தமாக வாங்குபவர்களின் பொறுப்பும் சிறிதல்ல. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ‘குறைந்தது 27 அங்குலம், குறைந்தது ஃபுல் எச்.டி.’ என்று எழுதினால், மிகக் குறைந்த அடர்த்தியுள்ள திரைதான் மிகக் குறைந்த விலையில் வரும், அதுதான் தேர்வாகும். தமிழில் கோப்பு எழுதும், மனுவைப் படிக்கும், பட்டாவில் பெயர் பதியும் ஊழியர் அதன் முன் நாளெல்லாம் உட்காருவார். அங்கே ‘ன’வும் ‘ண’வும் மாறினால் ஒருவரின் பெயரே மாறும். கோரிக்கையில் அங்குலத்துக்குப் பக்கத்தில் ‘அங்குலத்துக்குக் குறைந்தது 105 பிக்சல்’ என்று நான்கு சொற்களைச் சேர்த்தால் இந்தத் தவறு அந்த இடத்திலேயே நிற்கும். எங்கள் கொள்முதல் படிவத்தில் சேர்த்துவிட்டோம்.

கடைக்காரர்களிடம் கேட்பதும் பெரிதல்ல. ஒரு திரையிலாவது மீன்களை நிறுத்திவிட்டு, ஒரு பக்கம் தமிழ் உரையை வையுங்கள். அதற்கு முன் ஒரு நாற்காலி போடுங்கள். நாற்காலியில் உட்காருபவரின் கண்ணுக்கும் திரைக்கும் இரண்டடி இருக்கட்டும். அதுவரை வாங்கப் போகிறவர்கள் கையோடு ஓர் அளவுநாடா கொண்டுபோகலாம்: திரையின் ஒளிரும் பகுதியின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, குறுக்கே உள்ள பிக்சல் எண்ணால் வகுத்து, 3438ஆல் பெருக்கி, தங்கள் மேசைத் தூரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர்களிடம் கேட்பது ஒரே ஒரு வரி. பெட்டியின் முகப்பில், அங்குலம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவு எழுத்தில், அதை ஒட்டியே இருக்க வேண்டும். எங்களிடம் உள்ள நான்கு பெட்டிகளிலும் அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதியே கொடுக்கிறோம்: 27 அங்குலம், 1920 × 1080 பிக்சல், அங்குலத்துக்கு 82, ஒரு பிக்சல் 0.311 மி.மீ.; பிக்சல் மறையும் தூரம் 107 செ.மீ.